தவறான எண்ணுக்குப் போன பணம் திரும்ப வருமா?

கேள்வி: நம்பர்ல ரெண்டு இலக்கம் இடம் மாறிப்போய், யாரோ ஒருத்தருக்குப் பணம் அனுப்பிட்டேன். ஆப்ல அனுப்பியாச்சுன்னு காட்டுது. திரும்பக் கிடைக்குமா?

பணத்தை வாங்கியவர் சம்மதித்தால் கிடைக்கும். சம்மதிக்காவிட்டால் மிகவும் கஷ்டம். வங்கியில் இந்த மாதிரிப் புகார்களைக் கையாளும் பிரிவில் வேலை பார்ப்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

எண்ணைப் போட்டதும் ரகசிய எண்ணைக் கொடுத்ததும் நீங்கள்தான். அதனால் வங்கியின் பார்வையில் இது முறையாக நடந்த பரிமாற்றம். பணம் அவர் கணக்கில் ஏறிவிட்ட பிறகு, நாங்களாகப் பிடித்து இழுக்க முடியாது. உங்கள் வங்கி அவருடைய வங்கிக்கு எழுதும், அந்த வங்கி அவரிடம் கேட்கும். பிரிட்டனில் இந்த மீட்பு முறைக்கு 20 வேலை நாள் வரை ஆகும் என்று வைத்திருக்கிறார்கள். அங்கேயும் கடைசியில் வாங்கியவரின் பதிலுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

அவர் மறுப்பதற்குப் பேராசைதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். பல நேரம் பயம்தான். திருட்டுப் பணத்தை ஒருவர் கணக்கில் போட்டுவிட்டு, "தப்பா வந்துடுச்சு, இந்த வேற நம்பருக்கு அனுப்புங்க" என்று கேட்கிற மோசடி ஒன்று இருக்கிறது. நம்பி அனுப்புகிறவர் அப்புறம் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வார்.

எங்களிடம் வந்த ஒருவர் பதற்றத்தில் அதையேதான் செய்திருந்தார். அடுத்தடுத்து அழைத்து, தன் தம்பியின் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். எதிரில் இருந்தவர் அவரை பிளாக் செய்துவிட்டார். பிறகு புகார் எங்கள் வழியாகப் போய், பணம் வாங்கியவரின் சொந்த வங்கியே கூப்பிட்டுக் கேட்டதும்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது. பணம் புறப்பட்ட கணக்குக்கே திரும்பிவிட்டது.

அதனால் இன்றைக்கே ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து புகார் பதியுங்கள். பரிமாற்ற எண், தேதி, தொகையோடு வங்கியிலும் எழுத்தில் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். பணம் தொலைத்தவர்களுக்காகவே போலி எண்கள் போட்டு வைத்திருக்கிறார்கள்.

வாங்கியவர் பிடிவாதமாக மறுத்தால் சட்டம் உங்கள் பக்கம்தான். இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஆனால் வக்கீல் நோட்டீஸ், வழக்கு என்று போனால் செலவு ஆகும். தொகை பெரிதாக இருந்தால் மட்டுமே அந்த வழி கட்டுப்படியாகும்.

வாங்கியவருக்கு ஒரே ஒரு செய்தி போதும். இப்படி எழுதலாம்: "உங்கள் கணக்குக்கு என் பணம் தவறுதலாக வந்துவிட்டது. வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். வேறு எந்த எண்ணுக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் வங்கி கேட்கும்போது சம்மதம் சொன்னால் போதும்."