கன்வேயர் ஓடினால் எண்ணிக்கை நின்றுவிடுகிறது, புது கார்டு வாங்க வேண்டுமா?

கேள்வி: தண்ணீர் பாட்டில் நிரப்பும் சின்ன யூனிட் எங்களுடையது. அரை லிட்டர் பெட் பாட்டில், நிமிடத்துக்கு 240. நிரப்பிய பிறகு, மூடி போடும் முன் எண்ணுகிறோம். பாட்டில் தெளிவாக இருப்பதால் சென்சார் சிலவற்றை இரண்டாக எண்ணுகிறது. எலக்ட்ரீஷியன் சொன்னபடி, ஒரு சுற்றுக்கு 1000 பல்ஸ் தரும் என்கோடர் வாங்கிக் கன்வேயர் ஷாஃப்டில் மாட்டினோம். கையால் மெதுவாகச் சுற்றினால் எண் ஏறுகிறது, கன்வேயர் ஓடினால் ஏறவே மாட்டேன் என்கிறது. இருப்பது சீமென்ஸ் 1212C பிஎல்சி, ரிலே மாடல். ரிலே மாடலில் வேக எண்ணிக்கை வராது, தனி கார்டோ வேறு பிஎல்சியோ வாங்குங்கள் என்கிறார் டீலர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். டீலர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அது அவுட்புட்டுக்கு. ரிலேயின் தொடர்புமுனை வேகமாகத் திறந்து மூட முடியாது என்பதால் ஸ்டெப்பர் மோட்டாருக்குப் பல்ஸ் அனுப்ப ரிலே மாடல் உதவாது. இன்புட் பக்கம் ரிலே மாடலிலும் 24 வோல்ட் டிசிதான், ஹை-ஸ்பீடு கவுண்டரும் உள்ளேயே இருக்கிறது. I0.0, I0.1 இரண்டிலும் ஏ-பி என்கோடரைக் கொடுத்தால் விநாடிக்கு 80,000 பல்ஸ் வரை எண்ணும். உங்களுக்குத் தேவை எவ்வளவு என்று பாருங்கள்.

நிமிடத்துக்கு 240 என்றால் விநாடிக்கு 4 பாட்டில். பாட்டிலின் விட்டம் 65 மிமீ என்று வைத்து, ஒன்றை ஒன்று ஒட்டி வந்தால் செயின் விநாடிக்கு 260 மிமீ நகரும். ஷாஃப்ட் ஒரு சுற்றுக்குச் செயின் 400 மிமீ போகிறது என்று வைப்போம் (செயினில் சாக்பீஸ் கோடு போட்டு உங்கள் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்). அப்படியானால் ஒரு பல்ஸுக்கு 0.4 மிமீ, விநாடிக்கு 650 பல்ஸ். எண்பதாயிரத்தில் வெறும் 650! ஆனால் ஒவ்வொரு பல்ஸும் 1.5 மில்லி விநாடிதான், அதில் பாதி ஆன், பாதி ஆஃப். உங்கள் புரோகிராம் ஒரு ஸ்கேனுக்கு 10 மில்லி விநாடி எடுத்தால், அது ஒருமுறை எட்டிப் பார்ப்பதற்குள் ஆறேழு பல்ஸ் வந்து போயிருக்கும். சாதாரண CTU கவுண்டரில் போட்டிருக்கிறார்கள் என்றால் எண்ணிக்கை வராததற்கு இதுவே போதும்.

இன்னொன்றும் இருக்கிறது, பெரும்பாலும் இதில்தான் ஏமாறுகிறோம். இந்த பிஎல்சியின் ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒரு ஃபில்டர் உண்டு, வாங்கியபடியே விட்டால் அது 6.4 மில்லி விநாடி. அதைவிடக் குறுகிய பல்ஸை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். உங்கள் பல்ஸ் ஆன் ஆக இருப்பதே 0.77 மில்லி விநாடிதான். அதனால் ஹை-ஸ்பீடு கவுண்டரை இயக்கி வைத்தாலும் ஃபில்டரைத் தொடாவிட்டால் எண் நகராது, கார்டு பழுது என்று அப்போதும் சொல்வார்கள். கையால் சுற்றும்போது ஏறுகிறது, ஓடும்போது நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசல் இதே அடையாளம்தான். டிவைஸ் கான்ஃபிகரேஷனில் HSC1 என்ற ஹை-ஸ்பீடு கவுண்டரை ஆன் செய்து, ஏ-பி முறையைத் தேர்ந்து, I0.0, I0.1 இரண்டின் ஃபில்டரையும் 0.1 மில்லி விநாடி ஆக்கச் சொல்லுங்கள். எண் ID1000 என்ற முகவரியில் வரும். ஷாஃப்டை 10 சுற்று ஓட விட்டால் 10,000-ஐ ஒட்டி வர வேண்டும், முழு வேகத்திலும் அதே வர வேண்டும்.

இனி பாட்டில். தெளிவான பாட்டிலில் ஒளியை மறைப்பது முன் சுவரும் பின் சுவரும்தான், நடுவில் ஒளி ஊடுருவிவிடும், அதனால்தான் இரண்டு எண். முதல் சுவரை எண்ணிவிட்டு, செயின் குறிப்பிட்ட தூரம் நகரும்வரை அடுத்ததைக் கண்டுகொள்ளாமல் இருப்பதுதான் உங்கள் எலக்ட்ரீஷியனின் யோசனை, நல்ல யோசனைதான். டைமர் போட்டாலும் செய்யலாம், ஆனால் கன்வேயர் நின்று மெல்லக் கிளம்பும்போது டைமர் ஏமாறும், தூரம் ஏமாறாது. சென்சார் எந்த உயரத்தில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. உடல் பகுதியைப் பார்த்தால் இது பலிக்காது: பின் சுவர் 60 மிமீக்கு மேல் வரும், அடுத்த பாட்டிலின் முன் சுவர் 65-இல் வந்துவிடும், இடையில் கோடு கிழிக்க இடமே இல்லை. கழுத்துக்கு உயர்த்துங்கள். அங்கே விட்டம் ஏறக்குறைய 28 மிமீ, பின் சுவர் 28-க்குள் முடிந்துவிடும், அடுத்த கழுத்து 65-இல்தான். நடுவே 45 மிமீயில் எல்லை வைத்தால் இரு பக்கமும் தாராளம். 45 மிமீ என்பது 112 பல்ஸ்.

கழுத்துச் சுவர் ஒளியை மறைக்கும் நேரமும் குறைவு. 3 மிமீ அகலத்துக்கு மறைத்தால் 11 மில்லி விநாடி, உங்கள் ஸ்கேன் அளவுக்குத்தான் இருக்கும், சில சமயம் தவறும். அதனால் சென்சாரை I0.2-இல் கொடுத்து, அதன் ஏறுமுகத்துக்கு ஹார்டுவேர் இன்டரப்ட் வைத்து, கணக்கை OB40 என்ற இன்டரப்ட் பிளாக்கில் எழுதட்டும். இதன் ஃபில்டர் 1.6 மில்லி விநாடி போதும்.

```
IF "enc":P - "last" > 112 THEN
    "total" := "total" + 1;
    "last" := "enc":P;
END_IF;
```

`enc` என்பது ID1000-க்கு வைத்த பெயர். அந்த `:P`-ஐ விட்டுவிட்டால் ஸ்கேன் தொடங்கியபோது இருந்த பழைய எண் கிடைக்கும், இன்டரப்ட் போட்டதே வீண். `total` கரண்ட் போனாலும் நிலைத்திருக்க வேண்டும், `last` அப்படி இருக்கக் கூடாது, ஏனென்றால் கவுண்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்போது பழைய பெரிய `last` மிச்சமிருந்தால் வெகு நேரம் ஒன்றுமே எண்ணாது. எண் இறங்குமுகமாகப் போனால் ஏ, பி வயரை மாற்றிக் கொடுங்கள், அவ்வளவுதான்.

என்கோடரின் லேபிளையும் ஒருமுறை பாருங்கள். 24 வோல்ட் புஷ்-புல் என்றிருந்தால் சரி. 5 வோல்ட் லைன் டிரைவர் என்றால் இந்த இன்புட்டுக்குக் குறைந்தது 15 வோல்ட் வேண்டும் என்பதால் வேலை செய்யாது (கையால் சுற்றி எண் ஏறியிருப்பதால் உங்களுடையது அதுவாக இருக்காது). ஏ மட்டும் உள்ள மலிவு மாடலாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். நின்ற கன்வேயர் அதிர்ந்தாலே அது எண்ணிக்கொண்டே போகும், ஏ-பி வகையில் முன்னும் பின்னும் கழிந்துவிடும். கன்வேயர் அசையாமல் நிற்கும்போதும் ID1000 ஏறினால், கேபிள் வி.எஃப்.டி. வயரோடு ஒரே குழாயில் போகிறதா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் என்கோடரால் தீர்க்க முடியாது. மூடி போடும் மெஷின் நின்று பாட்டில்கள் வரிசையாகத் தேங்கினால், அவற்றின் அடியில் செயின் வழுக்கிக்கொண்டு ஓடும். செயின் 45 மிமீ நகர்ந்திருக்கும், பாட்டில் நகர்ந்திருக்காது, சென்சார் முன்னால் அது லேசாக ஆடினாலே மறுபடி ஓர் எண் கூடும். சென்சாரை நிரப்பும் மெஷினின் வாயை ஒட்டி, தேக்கம் எட்டாத இடத்தில் வையுங்கள். அங்கேயும் தேங்குகிறது என்றால், வரிசை அங்கே வந்து சேரும் முன் கன்வேயர் நிற்கும்படி இன்னொரு சென்சார் போடுங்கள். கார்டுக்கு வைத்த பணத்தில் அதை வாங்கலாம்.