நாலு நாளில் அடங்கி, பத்து நாளில் திரும்பும் அரிப்பு

கேள்வி: எனக்கு வயது 29. புழுக்கமான நாட்களில் இரண்டு தொடை இடுக்கிலும் தோல் சிவந்து தாங்க முடியாமல் அரிக்கிறது. நண்பர் கொடுத்த ஒரு க்ரீமைத் தடவினால் நாலே நாளில் அடங்கிவிடுகிறது. நிறுத்திய பத்து நாளில் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. மூன்று முறை இப்படி ஆகிவிட்டது. கூச்சத்தில் யாரிடமும் காட்டவில்லை. என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக அந்த ட்யூபை எடுத்து, அதில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் இவற்றில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். பெயரில் ஏமாந்துவிடாதீர்கள். க்ளோட்ரிமசோல் பூஞ்சையைக் கொல்லும் மருந்து. க்ளோபெட்டசால் வீரியமான ஸ்டீராய்டு. கேட்க ஒன்றுபோல இருந்தாலும் வேலை நேரெதிர்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் படர்தாமரைதான். வியர்வை காயாத மடிப்பில் ஒரு பூஞ்சை தோலின் மேல் அடுக்கைத் தின்று வளர்கிறது. அதை எதிர்த்து உடல் போராடுவதுதான் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அமுக்கிவிடுவதால் நாலே நாளில் சுகமாகத் தெரியும். பூஞ்சையோ தடுக்க ஆளில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். க்ரீமை நிறுத்தியதும் அகலமாகத் திரும்பி வருவது அதனால்தான். போதாததற்கு, இடுக்குத் தோல் மெல்லியது. ஸ்டீராய்டைத் தொடர்ந்து தடவினால் இன்னும் மெலிந்து, வயிற்றுப் பிரசவக் கோடுகள் மாதிரி நிரந்தரத் தழும்பு விழலாம்.

கண்ணாடி வைத்து நன்றாகப் பாருங்கள். படர்தாமரை என்றால் ஓரம் சற்றே மேடாகச் சிவந்து செதில் செதிலாக இருக்கும். நடுப்பகுதி தெளிந்து பழுப்பாகத் தெரியும். விதைப்பையை அநேகமாக விட்டுவிடும். விதைப்பையும் சேர்ந்து சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெறித்திருந்தால் அது வேறு வகைப் பூஞ்சையாக இருக்கலாம். அரிப்பே அவ்வளவாக இல்லாமல் பழுப்புத் திட்டாக மட்டும் இருந்தால் பாக்டீரியாவாகவும் இருக்கலாம். ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஸ்டீராய்டு தடவிய தோலில் இந்த அடையாளங்கள் எல்லாம் கலைந்துபோய், ஓரமே தெரியாமல் போய்விடும்.

ஸ்டீராய்டு கலக்காத, ஒரே மருந்து மட்டும் உள்ள க்ரீம் வாங்குங்கள். டெர்பினஃபைன் 1% என்றால் தினம் ஒன்று அல்லது இரண்டு வேளை, ஒன்றிலிருந்து இரண்டு வாரம். க்ளோட்ரிமசோல் 1% என்றால் காலையும் இரவும், இரண்டிலிருந்து நான்கு வாரம். சிவப்பின் மேல் மட்டும் தடவி நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டிப் போயிருக்கும். அதனால் சுற்றிலும் நல்ல தோலில் இரண்டு விரல் அகலம் சேர்த்து, வெளியிலிருந்து உள்நோக்கி மெல்லிசாகத் தடவுங்கள். அரிப்பு முதல் வாரத்திலேயே குறையும். அதை நம்பி விட்டுவிடாமல், க்ளோட்ரிமசோல் என்றால் தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். ஸ்டீராய்டை நிறுத்திய முதல் சில நாள் எரிச்சலும் சிவப்பும் கூடலாம். பயந்து பழைய ட்யூபுக்குப் போய்விடாதீர்கள்.

ஈரமான தோலில் க்ரீம் தடவிப் பயனில்லை. குளித்ததும் மடிப்பை விரித்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அப்புறம் ஐந்து நிமிடம் மின்விசிறிக் காற்றில் ஆற விட்டுத் தடவுங்கள். அந்தத் துண்டை வேறு யாரும் தொடக் கூடாது. தளர்வான பருத்தி உள்ளாடை போடுங்கள். வியர்த்து நனைந்தால் நடுவில் ஒரு முறை மாற்றுங்கள். இடுப்புப் பட்டையில் ஈரம் தங்கிய உள்ளாடையை மட்டும் போடவே போடாதீர்கள்.

சரி, கால் விரல் இடுக்கைப் பார்த்தீர்களா? அங்கே வெளுத்து ஊறிய சேற்றுப்புண் இருந்தால் அதுவும் பெரும்பாலும் இதே பூஞ்சைதான். உள்ளாடையைக் காலில் நுழைக்கும்போது அதையும் மேலே கொண்டுவந்துவிடுகிறது. இரண்டு இடத்துக்கும் ஒரே சமயத்தில் மருந்து போடுங்கள். இரண்டும் ஆறும்வரை காலுறையை மாட்டிக்கொண்டு பிறகு உள்ளாடை போடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் குறையவில்லை, பிட்டம் இடுப்பு என்று பரவுகிறது, நீர் கசிகிறது, அல்லது உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றால் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். பழைய க்ரீமை மாதக்கணக்கில் தடவியிருந்தால் காத்திருக்கவே வேண்டாம், இப்போதே போங்கள். ஓரத்துச் செதிலைக் கொஞ்சம் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், வலிக்காது. தேவைப்பட்டால் மாத்திரை கொடுப்பார்கள். கூச்சமே வேண்டாம், அவர்கள் அன்றாடம் பார்ப்பது இது. போகும்போது அந்தப் பழைய ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.