ஒரே அறையில் இரண்டு போன், ஒரே மீட்டிங்: ஊளைச் சத்தத்தை நிறுத்துவது எப்படி?

கேள்வி: நானும் அம்மாவும் ஹால்ல உட்கார்ந்து தனித்தனி போன்ல ஒரே ஜூம் மீட்டிங்ல சேர்ந்தா, கீ...ன்னு காதைக் கிழிக்கிற சத்தம் வருது. அம்மா போன்ல மைக்கை ஆஃப் பண்ணியும் நிக்கல. போன்ல ஏதாவது கோளாறா?

போனில் கோளாறு எதுவும் இல்லை. எங்கள் வீட்டிலும் இதே கூத்து நடந்தது. சிங்கப்பூரில் இருக்கும் அக்காவோடு ஞாயிறு ராத்திரி பேச உட்காருவோம், அம்மாவுக்குத் தன் போனில்தான் பேத்தியின் முகம் தெரிய வேண்டும், எனக்கு என் போன். அம்மா சேர்ந்த அடுத்த நொடியே ஊளை. அம்மாவை மியூட் பண்ணச் சொன்னேன், பண்ணினார், அப்போதும் நிற்கவில்லை. நானும் போனைத்தான் சந்தேகப்பட்டேன்.

நடப்பது இதுதான். நீங்கள் பேசுவதை உங்கள் போனின் மைக் எடுத்து அனுப்புகிறது. ஜூம் அதை உங்களுக்கே திருப்பி அனுப்பாது, ஆனால் மீட்டிங்கில் உள்ள மற்ற எல்லோருக்கும் அனுப்பும், அதில் பக்கத்தில் இருக்கும் அம்மாவின் போனும் ஒன்று. அதன் ஸ்பீக்கரில் உங்கள் குரல் சற்றுத் தாமதமாக வெளியே வரும், அதை உங்கள் மைக் மறுபடி பிடிக்கும், மறுபடி அனுப்பும். ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் கொஞ்சம் கூடினால் ஊளையாகிவிடும். குறைந்துகொண்டே போனால் வெறும் எதிரொலியாகத் தேய்ந்து அடங்கும்.

இந்தச் சுற்றில் அம்மாவின் மைக் எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? உங்கள் மைக், அவருடைய ஸ்பீக்கர், அவ்வளவுதான். அதனால்தான் அவர் மியூட் பண்ணியும் நிற்கவில்லை. அவர் மைக் திறந்திருந்தால் அவருடைய மைக்கிலிருந்து உங்கள் ஸ்பீக்கருக்கு இன்னொரு சுற்றும் சேர்ந்து ஓடும். மியூட் பண்ணியதில் அந்த ஒன்று மட்டும்தான் அறுந்தது.

போனில் எக்கோவை நீக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் ஒரு போனுக்குத் தன் ஸ்பீக்கரில் என்ன ஓடுகிறது என்பது மட்டும்தான் தெரியும், மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழித்துவிடும். பக்கத்துப் போனிலிருந்து வரும் சத்தம் அதற்கு யாரோ ஓர் ஆள் பேசுவது மாதிரிதான். தனியாக ஸ்பீக்கரில் பேசும்போது வராத தொல்லை இரண்டாவது போன் சேர்ந்ததும் வருவது இதனால்தான்.

சரி, செய்ய வேண்டியது: இரண்டில் ஒரு போனில் மைக், ஸ்பீக்கர் இரண்டுமே நிற்க வேண்டும், ஒன்றை மட்டும் நிறுத்தினால் போதாது. வால்யூம் பட்டனை மட்டும் நம்ப வேண்டாம், பல போன்களில் அழைப்புக்கான வால்யூம் முழுதாகப் பூஜ்யத்துக்கு இறங்காது. அம்மாவின் போனில் ஜூமுக்குள் `More` தொட்டு `Disconnect Audio` கொடுங்கள். படம் அப்படியே ஓடும், சத்தம் மட்டும் வராது, போகாது. அடுத்த முறை மீட்டிங் எண் போட்டுச் சேரும்போதே `Don't Connect To Audio` என்பதை இயக்கிவிட்டால் அந்த முதல் நொடி அலறலும் இருக்காது. அம்மா பேசுவதை உங்கள் மைக்கே எடுத்துக்கொள்ளும். நாங்கள் என் போனை டீப்பாய் நடுவில் வைத்துவிடுகிறோம், அம்மா தன் போனில் பேத்தியைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்.

இயர்போன் போட்டால் சரியாகாதா? இருவருமே போட்டால் ஊளை நின்றுவிடும். ஆனால் நீங்கள் பேசுவது அம்மாவின் மைக்கிலும் விழும், அது உங்கள் காதுக்கே தாமதமாகத் திரும்பி வரும், நாலு வார்த்தைக்கு மேல் பேச வராது. ஆகவே பேசாதவர் மியூட்டில் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் போடும்போதுதான் ஏமாந்துபோவோம். நீங்கள் இயர்போன் போட்டு, அம்மா ஸ்பீக்கரில் இருந்தால், உங்கள் மைக்குக்கும் அவர் ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள சுற்று அப்படியே இருக்கிறது. இயர்போன் போட்டவர்தான் மியூட் பண்ண வேண்டும், ஸ்பீக்கர்காரர் தாராளமாகப் பேசலாம்.

ஹாலின் அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் தள்ளி உட்கார்ந்தால் ஊளை எதிரொலியாகக் குறையலாம், அவ்வளவுதான். வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால் தேவலை.

எல்லாம் செய்தபின் ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். அந்தத் தட்டல் கொஞ்சம் கழித்து அறைக்குள்ளேயே மறுபடி கேட்டால் இன்னும் எங்கோ ஒரு ஸ்பீக்கர் திறந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் ஒருநாள் தட்டல் கட்டிலறையிலிருந்து கேட்டது, தம்பி லேப்டாப்பில் சேர்ந்துவிட்டு அப்படியே குளிக்கப் போயிருந்தான்.