யானையும் சீப்புச்சீடையும்

அன்புள்ள ஆச்சிக்கு,

மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு முற்றத்தில் யானை கட்டியிருக்கிறது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறான். பிள்ளைகள் ‘அண்டப் புளுகன்’ என்று கேலி செய்கிறார்கள். அதே வாரம் டின்னில் இருந்த சீப்புச்சீடையைத் தின்றுவிட்டு, எடுக்கவே இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சாதித்தான். நாலு போட்டால்தான் திருந்துவான் என்கிறார் வீட்டுக்காரர். அப்பத்தா சொல்லும் பர்மாக் கதைகளைக் கேட்டுத்தான் இப்படி ஆகிறானோ என்றும் தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?

ம., தேவகோட்டை

*

அன்புள்ள ம.,

இரண்டையும் ஒரே வழக்காக விசாரிக்க வேண்டாம். யானை, புளுகு. சீடை, பொய். நம் பேச்சிலேயே இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது காரணத்தோடுதான்.

எது எது என்று தெரியாமல் போனால் கூட இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். யானைக்கு என்ன தீனி, எங்கே குளிப்பாட்டுகிறீர்கள் என்று கேட்டால் அவன் முகம் மலரும். கரும்பு வரும், ஊருணி வரும், பாகனுக்கு ஒரு பெயரும் வரும். சீடையைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்டால் பதில் குறுகிவிடும், கண் வாசலைத் தேடும். முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பாடம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: புளுகு கேட்கக் கேட்க வளரும், பொய் கேட்கக் கேட்கச் சுருங்கும். பெரும்பாலும் இது தவறுவதில்லை.

யானை எங்கிருந்து வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முகப்பில் நிற்கும் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை என்று அப்பத்தா சொல்லியிருப்பார்கள். அங்கே காட்டிலிருந்து மரத்தை இழுத்து வந்தவை யானைகள். அதையும் சொல்லியிருப்பார்கள், அதுவும் உண்மைதான். அந்தத் தூணைக் கட்டிப்பிடித்து விளையாடுகிற பிள்ளைக்கு, மரத்தோடு யானையும் வீட்டுக்கு வந்துவிட்டது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, மனதில் நினைத்தது என்று மூன்றையும் பிரித்து வைத்துக்கொள்ளும் திறமை பிறவியிலேயே வருவதில்லை. தொடக்கப்பள்ளி வயதில்தான் அது மெல்ல மெல்ல உறுதிப்படுகிறது. பெரியவர்களே ஒரு திருமணத்தில் நடந்ததை இன்னொரு திருமணத்தில் ஏற்றிச் சொல்கிறோம், ஏழு வயதுக்காரனை என்ன சொல்வது? அப்பத்தா கதை சொல்வதை எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடாதீர்கள்.

வகுப்புப் பிள்ளைகள் அவனை அவ்வளவு கடுமையாகக் கேலி செய்வதற்கும் அதே வயதுதான் காரணம். ஜீன் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் 1932இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளுக்கு இரண்டு கதைகள் சொல்லப்பட்டன. ஒரு பையன் மாடு அளவு பெரிய நாயைப் பார்த்தேன் என்கிறான். இன்னொருவன் டீச்சர் நல்ல மதிப்பெண் கொடுத்தார் என்று அம்மாவிடம் பொய் சொல்கிறான். யார் பெரிய குற்றவாளி? சின்னப் பிள்ளைகள் பலரும் நாய்க்காரனைத்தான் காட்டினார்கள். மாடு அளவு நாய் உலகத்திலேயே கிடையாதே என்பது அவர்கள் வாதம். உண்மையிலிருந்து எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு பெரிய பொய் என்பது அந்த வயதின் அளவுகோல். ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்று பார்க்க இன்னும் சில வருடம் ஆகும். ஆகவே அந்த வகுப்பில் உங்கள் பையனின் யானை, சீடையைவிடப் பல மடங்கு பெரிய பாவம்!

இனி சீடைக்கு வருகிறேன். சென்ற தீபாவளிக்கு என் வீட்டில் மாவுருண்டை பிடித்து டின்னில் வைத்திருந்தேன். பேத்திக்கு நான்கு வயது, பேரனுக்கு ஏழு. இருவர் உதட்டோரமும் மாவு. “எடுத்தீர்களா?” என்றேன். இருவரும் இல்லை என்று தலையாட்டினார்கள். “சரி, இந்த முறை உருண்டை எப்படி வந்திருக்கிறதாம்?” என்றேன். பேத்தி உடனே, “நெய் வாசமாக இருக்கிறது அப்பத்தா” என்றாள். பேரன் ஒரு கணம் நிதானித்தான். “நான்தான் தின்று பார்க்கவில்லையே. எனக்கு ஒன்று தாருங்கள், சொல்கிறேன்.”

அந்த ஒரு கணத்தில் அவன் தலைக்குள் நடந்ததை எண்ணிப் பாருங்கள். எனக்குத் தெரிந்தது அப்பத்தாவுக்குத் தெரியாது. தின்னாதவனுக்கு வாசம் தெரியக்கூடாது. வாய் வரைக்கும் வந்துவிட்ட சொல்லை விழுங்க வேண்டும். அந்த இடத்தில் தின்னாத பையன் என்ன சொல்லுவானோ அதைச் சொல்ல வேண்டும். பேத்திக்கு முதல் படி மட்டும் கைவந்திருக்கிறது. பேரன் நாலும் ஏறிவிட்டான்.

கனடாவில் விக்டோரியா தல்வாரும் காங் லீயும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய இதேதான். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். பார்த்தாயா என்று கேட்டபோது மூன்று வயதில் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள், நான்கு வயதுக்கு மேல் பெரும்பாலோர் மறுத்தார்கள். அடுத்த கேள்வியில்தான் வயது தெரிந்தது. என்ன பொம்மையாக இருக்கும் என்று கேட்டதும் சின்னவர்கள் பெயரைச் சொல்லி மாட்டிக்கொண்டார்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் தெரியாதது போலவே இருந்துவிட்டார்கள். உங்கள் மகன் முகத்தைப் பார்த்துச் சாதித்தது அவன் கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. பிறர் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட அவன் கற்றுக்கொண்டான், அதை முதலில் சீடை டின்னில் பயன்படுத்தினான், அவ்வளவுதான்.

அதற்காகப் பொய்யைப் பாராட்டச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் வழி எதிர்ப்பக்கம் கொண்டுபோகும். அதே இருவர் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளில் இதே சோதனையைச் செய்து 2011இல் வெளியிட்டார்கள். ஒரு பள்ளியில் அடி உண்டு, மற்றதில் இல்லை. அடி விழும் பள்ளியில் திரும்பிப் பார்த்த பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரும் பொய் சொன்னார்கள். அடுத்த கேள்விக்கும் மாட்டாமல் சமாளித்தார்கள், அதுவும் மூன்று, நான்கு வயதிலேயே. அடி அவர்களுக்குப் பொய்யை விடச் சொல்லித்தரவில்லை. பிடிபடாமல் சொல்லத்தான் சொல்லித்தந்தது.

ஒன்றில் மட்டும் கண்ணாக இருங்கள். ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றியோ இடத்தைப் பற்றியோ பயந்துகொண்டு ஏதாவது சொன்னால், ‘இவன்தான் புளுகனாயிற்றே’ என்று தள்ளிவிடக் கூடாது. அதை முழுதாகக் கேட்டாக வேண்டும். பள்ளிக்குப் போகாமலிருக்க வாரத்தில் நான்கு நாள் வயிற்றுவலி வந்தாலும், வலி பொய் என்று நிரூபிப்பதைவிடப் பள்ளியில் எதற்குப் பயப்படுகிறான் என்று விசாரியுங்கள்.

சீடை விஷயத்தில் என் வழக்கத்தைச் சொல்கிறேன். பதில் தெரிந்த கேள்வியைப் பிள்ளையிடம் கேட்பதில்லை. உதட்டில் மாவைப் பார்த்துக்கொண்டே “எடுத்தாயா?” என்பது பொய்க்கு நாமே பாய் விரிப்பது. இப்போதெல்லாம், “டின்னில் நாலு உருண்டை குறைகிறது. பசித்தால் என்னிடம் சொல்லிவிட்டு எடு. இன்று மாலைப் பங்கு முடிந்தது” என்று மட்டும் சொல்கிறேன். மறுநாள் அவனே வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும், உண்மையைச் சொன்னதற்காக ஒரு வார்த்தை சந்தோஷமாகச் சொல்லவும் வேண்டும். ஒரே நாளில் மாறாது. என் பேரனுக்குப் பொங்கல் வரை ஆயிற்று.

டீச்சரை மறுபடி பார்க்கும்போது தேக்குத் தூண் கதையைச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் ஒரு வெள்ளிக்கிழமை அப்பத்தாவை வகுப்புக்கு அழைத்துப் போங்கள். பர்மாக் காட்டு யானைகளைப் பற்றி அவர்களே சொல்லட்டும், பையன் பக்கத்தில் நிற்கட்டும்.

அன்புடன்,
ஆச்சி