மெனுவில் வந்த கோபி யார்?

"எங்கள் தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் கடையின் ஆங்கில மெனுவில் காலிஃபிளவர் மஞ்சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் கோபி என்கிற ஆள் இருந்தார். படம் எடுத்து எங்கள் அபார்ட்மென்ட் குழுவில் போட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைக்காரரின் மகனும் அந்தக் குழுவில் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. 'ஏன்மா இப்படிக் கேலி பண்றே' என்று என் பெண் கோபமாக இருக்கிறாள். சிரித்தது தப்பா?"
– ஒரு வாசகி, ஈரோடு

சிரித்ததில் தப்பே இல்லை. ஒரு மனிதரை வறுத்து, சாஸில் புரட்டி, பக்கத்தில் விலையும் போட்டிருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பேச்சில் வாய் தவறினால் உடனே திருத்திக்கொள்ளலாம். பலகை அப்படியில்லை. பெயின்ட்டும் விளக்கும் போட்டு, முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு நிற்கிறது. பாதிச் சிரிப்பு அந்த விறைப்புக்குத்தான்.

ஆனால் இந்தப் பிழை எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? காலிஃபிளவரைக் குறிக்கும் இந்திச் சொல் கோபி. அதை ஆங்கிலத்தில் எழுத பெங்களூருவின் முதல் எழுத்து வேண்டும். கடைக்காரர் போட்டது பேப்பரின் முதல் எழுத்து. நமக்கு இரண்டுக்கும் ஒரே 'ப'தான். இன்னொன்றும் உண்டு. கோபி என்று பெயருள்ளவரை நம்மில் பலர் பெங்களூரு ஒலியில்தான் கூப்பிடுகிறோம்; அவரோ தன் பெயரைப் பெரும்பாலும் பேப்பர் எழுத்தில்தான் எழுதுகிறார். உங்கள் மாவட்டத்துக் கோபிசெட்டிபாளையம் மட்டும் பெங்களூரு எழுத்தோடு நிற்கிறது. ஒரே ஒலி, ஊருக்கு ஓர் எழுத்து, ஆளுக்கு ஓர் எழுத்து. கடைக்காரர் காலிஃபிளவருக்கு ஆளின் எழுத்தைக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். இதில் படிப்பில்லாதவர் என்று சொல்ல என்ன இருக்கிறது?

அலுவலகமும் பட்ஜெட்டும் உள்ளவர்களே இதைவிடப் பெரிதாகச் சறுக்கியிருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டில் சாலைப் பலகைகள் ஆங்கிலத்திலும் வெல்ஷ் மொழியிலும் இருக்க வேண்டும். 2008இல் ஸ்வான்சி நகர நிர்வாகம், கனரக வாகனங்கள் நுழையக் கூடாது என்று ஒரு பலகை வைக்க நினைத்தது. ஆங்கில வாசகத்தை மொழிபெயர்ப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். உடனே வெல்ஷில் பதில் வந்தது. அதை அப்படியே அச்சடித்து நட்டுவிட்டார்கள். வெல்ஷ் தெரிந்தவர்கள் படித்துப் பார்த்தால்: "நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பி வையுங்கள்." விடுப்பில் இருந்தவரின் தானியங்கிப் பதில் அது! லாரி டிரைவருக்கு அதைப் படித்து என்ன செய்வது?

இந்தக் கதையில் நாம் வெல்ஷ் மொழியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. விடுப்பு எடுத்த மொழிபெயர்ப்பாளரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. நட்டு முடிக்கும் வரை அந்த மொழி தெரிந்த ஒருவரிடம்கூடக் காட்டாத நிர்வாகத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். அது தாங்கும்; அதன் பிழைப்பு ஒன்றும் கெட்டுவிடாது. தெருமுனைக் கடைக்காரர் அப்படியா? உங்கள் படத்தில் கடையின் பெயர் தெரிந்ததா? கீழே யாராவது 'இவங்களுக்கெல்லாம் எதுக்கு இங்கிலீஷ்' என்று எழுதினார்களா? எழுதியிருந்தால், கோபியைப் பற்றிய சிரிப்பு அந்த இடத்தோடு முடிந்துபோய், கடைக்காரரைப் பற்றியதாகிவிட்டது. உங்கள் பெண்ணின் கோபம் எனக்கு அங்கேதான் புரிகிறது. இனி இப்படி ஒன்று கண்ணில் பட்டால், அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிப் போடுங்கள். கடைப் பெயரும் போன் நம்பரும் வேண்டாம். சைவப் பட்டியலில் முட்டை ஐட்டம் ஏறியிருப்பது போன்ற பிழையென்றால் படமே எடுக்க வேண்டாம். நேரே கல்லாவுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள்.

இப்போதைக்குக் குழுவில் இருக்கும் படத்தை எடுத்துவிடுங்கள். அந்தப் பையனிடம் தனியாக, 'தம்பி, கடைப் பேரோட போட்டிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கோ' என்று சொல்லுங்கள். 'சும்மா தமாஷுக்குத்தான்' என்று கூடவே சேர்க்காதீர்கள்; அது மன்னிப்பையே தின்றுவிடும். அப்புறம் கூட்டம் சேருவதற்கு முன், சாயங்காலம் அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில் கடைக்குப் போங்கள். அடுத்த முறை மெனு அடிக்கும்போது ஓர் எழுத்தை மாற்றினால் போதும் என்று சொல்லி, சரியான எழுத்தை ஒரு துண்டுச் சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். போனில் மட்டும் சொல்லாதீர்கள். 'அண்ணே, பி போடுங்க' என்றால், 'பிதானேம்மா போட்டிருக்கேன்' என்பார்.