வரிசையில் நிற்கும்போதே வெளியே தள்ளுவது ஏன்?

"ஆன்லைன் கேமின் வெளியீட்டு நாளில் உள்ளே நுழைய மணிக்கணக்காக வரிசையில் நிற்கிறேன், பாதியில் பிழை காட்டி வெளியே தள்ளுகிறது. ஏன்? என்ன செய்யலாம்?"

2021 டிசம்பரில் ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் கேமுக்கு எண்ட்வாக்கர் என்ற புதிய விரிவாக்கம் வந்தபோது நடந்தது இதுதான். கேமுக்குள் நுழையும் வாசல் லாபி சர்வர். அது நொறுங்காமலிருக்க, ஒரு டேட்டா சென்டரின் வரிசைக்கு 17,000 பேர் என வரம்பு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டினால் `Error 2002`. வரிசையில் நிற்கையில் உங்கள் இணையம் தடுமாறினாலும் அதே எண்தான் வரும், குழப்பமே அங்கேதான். சிப் தட்டுப்பாட்டால் புது சர்வர்களையும் உடனே சேர்க்க முடியவில்லை.

சரி, கேமை அழித்து மறுபடி நிறுவாதீர்கள், பயனில்லை. வைஃபையை விட்டுக் கேபிளில் இணையுங்கள். பிழை வந்தால் தாமதிக்காமல் திரும்ப நுழையுங்கள். உங்கள் இடத்தைக் கொஞ்ச நேரம்தான் வைத்திருப்பார்கள். மாலை நெரிசலுக்கு முன்பே வரிசையில் சேர்வது இன்னும் நல்லது.