அணை வீடியோவில் ஏஐ காட்சி: எதைச் சொல்லணும், எங்கே சொல்லணும்?

குமுளியில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பீர்மேடு, கம்பம் பக்கத்து சேனல்காரர்களும் மற்றவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வண்டிப்பெரியாறிலிருந்து ஒரு சேனல்காரர்: அக்கா, முல்லைப் பெரியாறு பற்றி ஆறு நிமிட வீடியோ. அணையைக் கட்டின இன்ஜினியர் பென்னிகுக் கட்டுற இடத்தில் நிற்கிற பழைய போட்டோ மாதிரி ஒன்று, அணை நிரம்பி வழியிற காட்சி ஒன்று, ஊருக்குள் தண்ணீர் வர்ற காட்சி ஒன்று. மூன்றும் ஏஐ. குரலும் ஏஐ. டிஸ்கிரிப்ஷனில் ஒரு வரி போட்டால் போதாதா?

போதாது தம்பி. யூடியூபில் அப்லோட் செய்யும்போது Altered content என்று ஒரு பகுதி வரும். நிஜ மனிதர் செய்யாததைச் செய்ததாகக் காட்டினாலோ, நடக்காத காட்சியை நிஜம் போலக் காட்டினாலோ அங்கே Yes கொடுக்க வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து இது இருக்கிறது. உங்கள் மூன்று காட்சிகளும் இதில் அடங்கும். ஆனால் Yes கொடுத்த பிறகு வரும் லேபிள் பெரும்பாலும் டிஸ்கிரிப்ஷனை விரித்தால்தான் தெரியும். உடல்நலம், செய்தி, தேர்தல், பணம் போன்ற விஷயங்களில் பிளேயர் மேலேயே வரலாம். அதை யூடியூப்தான் முடிவு செய்யும். அதை நம்பி இருக்காதீர்கள்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மூன்றில் எனக்கு அதிகம் பயம் தருவது வெள்ளம் இல்லை, பென்னிகுக் போட்டோதான். வெள்ளக் காட்சியைப் பார்த்து நாலு பேராவது சந்தேகப்படுவார்கள். அணை 1895-இல் முடிந்தது. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அடுத்த வருடம் அவர் பிறந்தநாள் பேனரில் உங்கள் படம் இருக்கும், பள்ளிக்கூடப் புராஜெக்டிலும் இருக்கும். போட்டோ போல இல்லாமல் கோட்டோவியமாக மாற்றிவிடுங்கள். பார்த்ததுமே வரைந்தது என்று தெரிந்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது.

அணை நிரம்புவது இருக்கட்டும், லேபிளோடு. ஊருக்குள் தண்ணீர் வருவதை எடுத்துவிடுங்கள். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், ஆற்றோரம் இருக்கிறவர்களுக்கு ஒவ்வொரு மழையிலும் அடிவயிறு கலங்குகிறது. எட்டு விநாடியை வெட்டி யாராவது வாட்ஸ்ஆப்பில் விட்டால், யூடியூப் லேபிள் கூடவே போகாது. அந்த இடத்தில் ஒரு வரைபடம் போதும்.

அதே சேனல்காரர்: காட்சி மேலேயே எழுதிடுறேன். கீழே மூலையில் சின்னதா?

மூலை வேண்டாம். 1920-க்கு 1080 அளவு வீடியோவை ஷார்ட்ஸுக்காக நிமிர்த்தி வெட்டினால், அகலத்தில் நடுவில் 607 பிக்சல் அளவுதான் மிஞ்சும். மூலையில் எழுதியது முதலில் போய்விடும். அடிப்பக்கத்தை ஷார்ட்ஸில் தலைப்பும் சேனல் பெயரும் மறைத்துக்கொள்ளும். அதனால் நடுப்பகுதிக்குள், கொஞ்சம் மேலே வையுங்கள். முதல் மூன்று விநாடி காட்டிவிட்டு எடுக்காமல் அந்தக் காட்சி முடியும்வரை இருக்கட்டும். “கற்பனைக் காட்சி, ஏஐ கொண்டு உருவாக்கியது” என்றால் போதும். “ஏஐ உதவியுடன்” என்று மழுப்ப வேண்டாம். ஏஐ வைத்துக் கலரை மட்டும் திருத்தியவரும் அதைத்தான் சொல்வார்.

கூடலூரிலிருந்து ஒருவர்: ஏஐன்னு டிக் போட்டால் வருமானம் நின்றுவிடும், அதனால்தான் எல்லாரும் மறைக்கிறாங்க. உண்மைதானே?

பாதி சரி. டிக் போடுவதால் வருமானமோ வீடியோ போய்ச் சேருவதோ குறையாது என்று யூடியூப் சொல்லியிருக்கிறது. வருமானத்தைத் தடுப்பது வேறு விதி. ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடியோக்களைக் குவிக்கும் சேனல்களுக்கு அது. அப்படிக் குவிப்பவர்களில் நிறைய பேர் ஏஐ குரல் வைப்பதால் இரண்டும் ஒன்று போலத் தோன்றுகிறது. மாறாக, மறைத்துக்கொண்டே இருந்தால் யூடியூபே லேபிள் ஒட்டலாம், தண்டனையும் வரலாம்.

ஆனால் லேபிள் போட்டால் பார்க்கிறவர்களின் நம்பிக்கை குறையும் என்று சிலர் பயப்படுவது வெறும் பயம் இல்லை. ஏஐ உருவாக்கியது என்று குறித்தால், உண்மையான செய்தித் தலைப்பைக்கூட மக்கள் சற்றுக் குறைவாக நம்புகிறார்கள் என்று ஆய்வில் வந்திருக்கிறது. சிலவற்றில் மட்டும் எச்சரிக்கை ஒட்டினால், ஒட்டாத பொய் இன்னும் நிஜமாகத் தெரிகிறது என்று 2020-இல் வந்த இன்னொரு ஆய்வு சொல்கிறது. அதனால்தான் வீடியோ முழுக்க ஒரே லேபிளைவிட, எந்தக் காட்சி ஏஐ, எது நீங்கள் கேமராவில் எடுத்தது என்று பிரித்துக் காட்டச் சொல்கிறேன். பொத்தாம்பொதுவாக ஒட்டினால் நீங்கள் தேக்கடியில் நின்று எடுத்ததும் ஏஐ ஆகிவிடும்.

பீர்மேடு எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒருவர்: என் கதை வேற அக்கா. நாங்க குடியிருக்கிற லயத்துக்கூரை ஒழுகுறதை என் போன்ல எடுத்துப் போட்டேன். “இது ஏஐ” என்று மேனேஜர் சொல்லிட்டார். இப்ப நான் ஏஐ இல்லைன்னு லேபிள் போடணுமா?

நீங்கள் கேட்டது வேறு கேள்வி அண்ணே, ஆனால் இதையும் பேசத்தான் வேண்டும். போலி பெருகப் பெருக, நிஜத்தைப் போலி என்று சொல்லித் தப்பிப்பது சுலபமாகிறது. “ஏஐ இல்லை” என்று எழுதுவதால் ஒன்றும் ஆகாது, போலி போடுகிறவரும் அதையே எழுதுவார். போனில் இருக்கும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் அமுங்கி, எடுத்த நேரம் போன்ற தகவல் போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். அடுத்த மழையில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். வாசலில் லய நம்பரில் தொடங்கி, உள்ளே கூரை, கீழே பாத்திரம், திரும்ப வெளியே மலைச்சரிவு. பக்கத்து வீட்டுக்காரரையும் அவர் போனில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு போன், இரண்டு கோணம், ஒரே ஒழுகல் என்றால் மறுப்பது கஷ்டம்.

கம்பத்திலிருந்து ஒரு ஆசிரியை: முதல் கேள்வியில் குரலை விட்டுட்டீங்களே. யார் குரலும் இல்லாத ஏஐ குரலுக்கும் சொல்லணுமா? மறைந்த பாடகர் குரல் என்றால்?

விட்டுவிட்டேன், சரிதான். இன்னொருவர் குரலை நகல் எடுத்து விவரணை வைத்தால் சொல்லியே ஆக வேண்டும். சொல்வது மட்டும் போதாது, அனுமதியும் வேண்டும். பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை 2024-இல் பயன்படுத்தியபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரகுமான் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில், எஸ்.பி.பி. குரலை ஒரு தெலுங்குப் படத்தில் அனுமதியில்லாமல் ஏஐ மூலம் கொண்டுவந்ததாகச் சொல்லி அவர் குடும்பம் நோட்டீஸ் அனுப்பியது.

யார் குரலும் அல்லாத ஏஐ குரல்தான் சிக்கல். 2026 பிப்ரவரியில் அமலுக்கு வந்த மத்திய அரசு விதி, நிஜம் போலத் தோன்றும் செயற்கை ஆடியோவுக்குத் தொடக்கத்திலேயே குரலில் அறிவிப்பு கேட்கிறது. நிஜ மனிதரையோ நிகழ்வையோ போலத் தோன்றினால்தான் அது பொருந்தும் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. வெறும் விவரணைக் குரல் அதில் வருமா என்பது இன்னும் வழக்குகளில் உரசித் தெளியவில்லை. என் யோசனை, தொடக்கத்தில் “இந்த வீடியோவில் பேசுவது கணினிக் குரல், எழுதியது நான்” என்று உங்கள் சொந்தக் குரலில் சொல்லிவிடுங்கள்.

ஆசிரியை: அப்படிச் சொல்லிட்டு மீதியை ஏஐ பேசினால், “அதையும் நீங்களே பேசலாமே”ன்னு கேட்க மாட்டாங்களா?

கேட்பார்கள். எனக்கும் அதே கேள்விதான் டீச்சர்.